செக்டிஸ்க் எதைச் சரிசெய்யும், எதை அழித்துவிடும்?

மெமரி கார்டிலிருந்து கல்யாணப் படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. திரும்ப வந்ததும் டிஸ்க்கைச் செருகினால், இதில் கோளாறு இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. பெரும்பாலானோர் யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிடுகிறோம். அதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு படத்தை டிஸ்க்கில் சேமிக்கும்போது படம் மட்டும் எழுதப்படுவதில்லை. அதன் பெயர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அது டிஸ்க்கின் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது, எந்த இடங்கள் இன்னும் காலி என்ற கணக்குகளும் எழுதப்படுகின்றன. இந்தக் கணக்கு, கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் நிலப் பதிவேட்டைப் போன்றது. செக்டிஸ்க் அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று போய்ப் பார்ப்பதில்லை. பாதியில் நின்ற படம், சோதனை முடிந்த பிறகும் பாதிப் படம்தான்.

சாதாரண மின்வெட்டுக்கு இந்தச் சோதனையே பெரும்பாலும் தேவைப்படாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டுமே கணக்கில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னல் என்ற குறிப்பில் எழுதிக்கொள்கின்றன. அடுத்த முறை டிஸ்க்கைத் திறக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துக் கணக்கை நேராக்கிவிடும். அதற்குப் பிறகும் முரண்பாடு மிஞ்சினால்தான் செக்டிஸ்க்குக்கு வேலை. ஃபைலின் பதிவு இருந்து, எந்த ஃபோல்டரிலும் பெயர் இல்லையென்றால் அதை மீண்டும் ஃபோல்டரில் சேர்க்கும்; முடியாவிட்டால் `found.000` என்ற ஃபோல்டரில் போட்டுவைக்கும். யாரும் பயன்படுத்தாத இடம் 'நிரம்பியது' என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைக் காலியாக்கும்.

ஆபத்து இருப்பது அடுத்த படியில். ஃபைலின் பதிவே படிக்க முடியாதபடி சிதைந்திருந்தால், செக்டிஸ்க் அந்தப் பதிவை நீக்கிவிடும். திரையில் `Deleting corrupt file record segment` என்றும், அதைத் தொடர்ந்து உங்கள் ஃபைல் பெயர்களுடன் `Deleting index entry` என்றும் வரிகள் ஓடினால், அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. செக்டிஸ்க்கின் பொறுப்பு, டிஸ்க்கை முரண்பாடில்லாத நிலைக்குக் கொண்டுவருவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பு அல்ல. அது செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற வழியும் கிடையாது.

டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது நல்ல பதிவுகூடச் சில சமயம் படிக்க முடியாமல் போகும். செக்டிஸ்க் அதையும் கெட்டதென்று எடுத்துக்கொள்ளலாம். `/r` கொடுத்தால் டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்தையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே நின்றுபோகக்கூடும்.

ஆகவே முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள். டிஸ்க் `E:` என்றால்:

```
chkdsk E:
```

பின்னால் எதுவும் சேர்க்காவிட்டால் இது எதையும் மாற்றாது. சரிசெய்யச் சொல்வது `/f`. அதைக் கொடுப்பதற்கு முன், ஃபைல்கள் திறக்கின்றனவென்றால் அவற்றை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டாலோ, கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் `Current Pending Sector Count` என்ற வரியின் `Raw Values` பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலோ செக்டிஸ்க் பக்கமே போகாதீர்கள். டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிஸ்க்கை முழுமையாக இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, பழுதுபார்க்கும் வேலையை அந்த நகலில் செய்ய வேண்டும். சத்தம் போடும் டிஸ்க்கில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. படங்கள் விலைமதிப்பற்றவை என்றால் மின்இணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி.

லினக்ஸிலும் ஒழுங்கு இதுதான்.

```
sudo umount /dev/sdb1
sudo e2fsck -fn /dev/sdb1
```

இங்கே `n` என்பது எதையும் மாற்றாமல் பார்க்கச் சொல்கிறது. முதல் வரியை விட்டுவிடக் கூடாது. டிஸ்க் பயன்பாட்டில் இருக்கும்போது சரிசெய்யச் சொன்னால், இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய கணக்கும் எஃப்எஸ்செக் எழுதும் புதிய கணக்கும் மோதி, நன்றாக இருந்த டிஸ்க்கும் கெட்டுவிடும். எல்லாக் கேள்விக்கும் ஆமாம் சொல்லும் `-y` இன்னொரு வம்பு. ஃபைல்கள் பெயரை இழந்து `#12345` போன்ற எண்களாக `lost+found` ஃபோல்டரில் குவிந்துவிடலாம். கேள்விகள் நூற்றுக்கணக்கில் வர ஆரம்பித்தால், நிறுத்திவிட்டு நகலெடுக்கப் போங்கள்.

கணினியின் உள் டிஸ்க்கில் விண்டோஸ் தொடங்கும்போதே சோதனையை ஆரம்பிப்பதுண்டு. அதற்கு முன் திரையில் சில நொடிகள் எண் குறைந்துகொண்டே வரும். வேறு நகல் இல்லாத ஃபைல்கள் அதில் இருந்தால், அந்த நொடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டிச் சோதனையைத் தவிர்த்துவிடுங்கள். நகலெடுத்த பிறகு நிதானமாகச் சோதிக்கலாம்.