ஏழு மாதம் கழித்து வரும் அழுகை

"அப்பா போனப்பகூட நான் இப்படி அழலண்ணே. ஏழு மாசம் கழிச்சு இப்ப என்ன வந்துச்சு எனக்கு?"

தென்காசியில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி டீ குடிக்கும்போது கேட்டது இது. அப்பா இறந்தது கார்த்திகையில். பதினாறாம் நாள் முடிந்ததும் கடையைத் திறந்துவிட்டார். ஆனியில் முதல் சாரல் விழுந்த காலையில், கல்லாவில் இருந்தவருக்குத் தொண்டை அடைத்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் அழுதிருக்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரித்துச் சொல்கிறேன்.

சாவு நடந்த வீட்டில் முதல் சில மாதங்கள் வேலையிலேயே கழிகின்றன. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம் என்று அலைய வேண்டியிருக்கிறது. அலைகிற மனம் துக்கத்தை ஒதுக்கிவைக்கிறது. அது தவறும் இல்லை. இழப்பை நினைத்து உருகுவதும், அதை விட்டு அன்றாடத்தைப் பார்ப்பதுமாக மனம் மாறி மாறிப் போய்வருவதுதான் துக்கத்தின் இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். அலைச்சல் ஓய்ந்து, சொந்தக்காரர்களும் வருவதை நிறுத்திய பிறகு, ஒதுக்கிவைத்த பக்கம் தன் முறைக்கு வருகிறது.

ஆனால் அது ஏன் சாரல் விழுந்த அன்று வரவேண்டும்? அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி அறிவுக்கு ஒரே நாளில் எட்டிவிடும். பழக்கத்துக்கு எட்ட நாளாகும். சீசன் தொடங்கினால் விடியற்காலையில் "துண்ட எடுல, போவோம்" என்று அப்பா கூப்பிடுவார். இருவரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து கடை திறப்பார்கள். இருபது வருடப் பழக்கம். கார்த்திகையிலிருந்து வைகாசி வரை அந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லை. முதல் சாரலில் காற்று குளிர்ந்ததும் மனம் தன்னை அறியாமல் அந்தக் குரலை எதிர்பார்த்தது, குரல் வரவில்லை. கடையிலும் வீட்டிலும் பழகிப்போன இழப்பு, சாரலுக்கு அன்றுதான் புதிதாகத் தெரிந்தது. ஆகவே ஆறிய புண் திறந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். இதுவரை சேதி போகாத ஓர் இடத்துக்கு இப்போது போயிருக்கிறது.

அந்த அழுகை வரும்போது என்ன செய்வது? பாஸ்டன் நகரில் 1942-இல் நடந்த பெரிய தீ விபத்தில் உறவுகளை இழந்தவர்களையும் துக்கத்தில் இருந்த வேறு பலரையும் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் கவனித்து, 1944-இல் எழுதினார். தொண்டை இறுகுகிறது, பெருமூச்சு வருகிறது, வயிறு வெறுமையாகிறது, கைகால் சோர்கிறது. இது இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்துத் தணிகிறது என்றார். இது தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அப்பா நினைவு வந்தால் அதை விரட்ட வேண்டாம். கடையை விற்பது, வீட்டை மாற்றுவது போன்ற முடிவுகளை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். தணிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, கைக்கு எட்டிய சிறு வேலை ஒன்றைத் தொடங்குங்கள்.

அந்தத் தம்பி அதன்பின் குற்றாலம் சாலைப் பக்கமே போகவில்லை. அப்படி விலகிப் போவதில்தான் துக்கம் சிக்கிக்கொள்ளும். போகாதவரை அந்த இடம் பழைய எதிர்பார்ப்போடே இருக்கும். கூட்டமில்லாத ஒரு வார நாளில், அப்பாவைத் தெரிந்த ஒருவரோடு போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரச் சொன்னேன். ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களுக்கு நாள் முன்பே தெரியும், கூட ஆளும் இருக்கும். அதுபோல முதல் தீபாவளி, ஆண்டுத் திதி ஆகியவற்றையும் முன்பே குறித்துக்கொண்டு, அன்று யாரோடு இருப்பது என்று முடிவு செய்துவிடலாம். சிலருக்கு அந்த நாளைவிட அதற்கு முந்தைய நாட்கள்தான் கடினமாக இருக்கும்.

இயல்பான துக்கத்தில் இடைவெளி உண்டு. மாதங்கள் போகப்போக அது நீளும். இடைவெளியே இல்லாமல், ஒரு வருடம் கடந்தும் நாள் முழுவதும் அதே ஏக்கம், தொழிலைப் பார்க்க முடியவில்லை, யாரோடும் ஒட்ட முடியவில்லை என்றால் அது வேறு. அதற்குத் தனியாக உளச்சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நானும் அப்பாகூடப் போயிடலாம்" என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மாதக் கணக்கைப் பார்க்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

அடுத்த சாரலிலும் அழுகை வரலாம். வந்தால் அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.