அமைதியை நம்பிக் கவிழ்ந்த பாங்கி!

விலை ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்! பங்குச் சந்தையில் அப்படியும் ஒரு வியாபாரம் உண்டு. அதற்கு "ஸ்டிராடில்" என்று பெயர்.

ஒரு பங்கின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து அதை 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமையின் விலை 4 ரூபாய். அதே 100 ரூபாய்க்கு விற்கும் உரிமையின் விலையும் 4 ரூபாய். ஒருவர் இரண்டையும் வாங்குகிறார். செலவு 8 ரூபாய்.

மாத முடிவில் பங்கு 120 ரூபாய் ஆனால், வாங்கும் உரிமையால் 20 ரூபாய் கிடைக்கும். செலவு போக லாபம் 12. பங்கு 80 ரூபாய்க்கு விழுந்தால், விற்கும் உரிமையால் அதே லாபம். 100 ரூபாயிலேயே நின்றால் 8 ரூபாயும் போய்விடும்.

அந்த 8 ரூபாய், உரிமைகளை விற்றவருக்குச் சேரும். விலை 92-க்கும் 108-க்கும் இடையில் நின்றால் அவருக்கு லாபம். எல்லையைத் தாண்டினால் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும்.

சிங்கப்பூரில் பேரிங்ஸ் என்ற ஆங்கிலேய பாங்கியின் ஊழியர் நிக் லீசன், இப்படி விற்றவர். ஜப்பானின் பங்கு விலைக் குறியீடான நிக்கேய் அதிகம் அசையாது என்று நம்பினார்.

1995 ஜனவரி 17-ந் தேதி கோபே நகரில் பூகம்பம்! 23-ந் தேதி ஒரே நாளில் நிக்கேய் 1,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. இழந்ததை மீட்க, குறியீடு ஏறும் என்று மேலும் மேலும் பணத்தைக் கொட்டினார். அது ஏறவில்லை.

மறைத்து வைத்த பழைய நஷ்டங்களையும் சேர்த்து, 80 கோடி பவுனுக்கு மேல் போயிற்று. 1762-ல் தொடங்கிய அந்தப் பாங்கி கடைசியில் விலைபோனது, 1 பவுனுக்கு!