ஒரு கருத்துக்கு ஒரே வகை

"நகரப் பேருந்தில் உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டு, பதில் எழுத இடம் விட்டால் மக்கள் தங்கள் பேச்சிலேயே எழுதுவார்கள். 'வண்டி நேரத்துக்கு வர்றதில்ல', 'நிக்கக்கூட இடமில்ல', 'கண்டக்டர் சில்லறைக்குத் திட்டுறார்' என்று வரும் பதில்களை எண்ண வேண்டுமானால் முதலில் வகை பிரிக்க வேண்டும்.

தாமதம், நெரிசல், மோசமான சேவை என்று மூன்று வகை வைத்தால் சிக்கல்தான். தாமதமும் மோசமான சேவைதானே? பொதுவான அந்த வகையை எடுத்துவிட்டு, 'ஊழியர் நடத்தை', 'வண்டியின் நிலை' என்று பிரித்தால் எல்லைகள் தெளிவாகும். ஒவ்வொரு வகையிலும் எது சேரும், எது சேராது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

'லேட்டா வருது, வந்தா கூட்டம்' என்ற பதிலில் இரண்டு குறைகள் உள்ளன. அதை இரு கருத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே வகையில் சேர்க்கலாம். அப்போது பதில் அளித்தவர்களை வைத்துக் கணக்கிடும் சதவீதங்களின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டலாம். அது பிழையல்ல, ஆனால் அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

வகைகள் சரியா என்று அறிய, இருவர் ஒரே பதில்களைத் தனித்தனியே வகைப்படுத்திப் பார்ப்பார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உண்மையான ஒற்றுமையை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960-ல் 'கப்பா' என்ற அளவைத் தந்தார். இருவரும் திரும்பத் திரும்ப ஒரே இரு வகைகளுக்கிடையே முரண்பட்டால், அங்கே விளக்கத்தைத் திருத்த வேண்டும். 'மற்றவை' பெருத்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு வகை விடுபட்டிருக்கிறது.