தேடல் பட்டியலில் ஒரு கடையின் இரண்டு வரிகள்

கூகுளில் ஒரு பொருளைத் தேடினால் வரும் பட்டியலில் ஒவ்வொரு கடைக்கும் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. மேலே கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு, அதன்கீழ் ஓரிரு வரி விளக்கம், அவ்வளவுதான். தேடுபவர் இந்த இரண்டையும் பார்த்துத்தான் உள்ளே போவதா, அடுத்ததுக்குத் தாவுவதா என்று தீர்மானிக்கிறார். இவை இரண்டும் பக்கத்தின் நிரலுக்குள் தனித்தனியாக எழுதப்படுபவை. பக்கத்தைத் திறந்தால் விளக்கம் கண்ணில் படாது. தலைப்பும் உலாவியின் மேல்விளிம்பில் பாதி மறைந்திருக்கும். கண்ணில் படாததால்தான் பல கடைகளின் தளங்களில் அவை, தளம் அமைத்துக் கொடுத்தவர் விட்டுப்போன நிலையிலேயே கிடக்கின்றன. "Home" என்ற தலைப்போடு உலவும் கடைகளுக்கு இன்றும் குறைவில்லை.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். அங்கே தளம் வைத்து விளக்கு விற்கும் சிறு கடை ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். கடையின் பேர், ஊர்ப் பேர், "சிறந்த தரம், குறைந்த விலை" என்ற வாசகம், இவை மூன்றும் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பாக வைக்கப்பட்டிருக்கின்றன. 2 அடி விளக்கின் பக்கமும் தூக்குவிளக்கின் பக்கமும் தேடல் பட்டியலில் ஒரே மாதிரி தெரியும். 2 அடி விளக்கு தேடுபவருக்கு அது உள்ளே இருப்பதாக எந்தக் குறிப்பும் இல்லை. கடையின் பேரைத் தெரிந்தவர் அதைத் தேடியே வந்துவிடுவார். தெரியாதவருக்கு அந்தப் பேரால் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. எனவே தலைப்பின் முதல் இடம் பொருளுக்கு உரியது, கடைப் பேர் கடைசியில் வரலாம்.

என்ன சொற்களை வைப்பது என்பதைக் கடைக்காரர் ஊகிக்க வேண்டியதில்லை. கூகுள் இலவசமாகத் தரும் Search Console என்ற கருவியில், என்னென்ன சொற்களைத் தட்டியபோது கடையின் பக்கம் பட்டியலில் தோன்றியது என்ற விவரம் கிடைக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் காதும் நல்ல கருவிதான். விளக்கு வாங்க வருபவர் முதலில் கேட்பது உயரம், அடுத்து எடை, அடுத்து ஜோடியாக வேண்டுமா ஒற்றையா என்பது. பித்தளைப் பொருளின் விலை பெரும்பாலும் எடையை ஒட்டியே போவதால், எடை சொல்லாத பக்கத்தை விவரம் தெரிந்த வாடிக்கையாளர் நம்புவதில்லை. இந்தக் கேள்விகளின் வரிசையே தலைப்புக்கும் விளக்கத்துக்கும் வரிசையாகிறது:

```html
<title>2 அடி பித்தளை அன்ன குத்துவிளக்கு | நாச்சியார்கோயில்</title>
<meta name="description" content="2 அடி குத்துவிளக்கு ஒன்று 5 கிலோ, ஜோடி 10 கிலோ. வார்ப்புப் பித்தளை, தலையில் அன்னம். கழற்றி மாட்டலாம். விலையும் பார்சல் செலவும் உள்ளே.">
```

இதை நிரலில் தேடி எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. கடைத்தளம் அமைக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கென்று தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

நீளத்துக்குக் கூகுள் எழுத்துக் கணக்கு எதுவும் விதிக்கவில்லை. திரையின் அகலத்துக்குள் அடங்கியது தெரியும், மிஞ்சியது வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாகிவிடும். ஆங்கிலத்தில் தலைப்புக்குச் சுமார் 60 எழுத்து, விளக்கத்துக்குச் சுமார் 155 எழுத்து என்று பொதுவாகச் சொல்லப்படுவது கணினித் திரையை வைத்துப் போட்ட கணக்கு. தமிழ் எழுத்துகள் அகலமானவை. ணு, ஞை போன்றவை ஆங்கில எழுத்தைப் போல இரண்டு மடங்கு இடம்கூடப் பிடிக்கும். ஆகவே அந்த எண்களை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்வது தவறு. எழுதிய பிறகு ஒரு கைப்பேசியில் தேடிப் பார்ப்பதே நம்பகமான அளவுகோல். முக்கியமான விவரம் முதல் சில சொற்களிலேயே வந்துவிட்டால் வெட்டு எங்கே விழுந்தாலும் கவலையில்லை.

இந்த இரண்டு வரிகளுக்கும் வேலை வேறு வேறு. தலைப்பில் உள்ள சொற்கள் பக்கத்தின் தரவரிசையிலும் பங்கு வகிக்கின்றன. விளக்கம் வகிப்பதில்லை, தரவரிசைக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. விளக்கத்தில் "குத்துவிளக்கு, பித்தளை விளக்கு, பூஜை விளக்கு, கோயில் விளக்கு" என்று அடுக்கினால் பக்கம் மேலே ஏறும் என்று நம்புவது வீண்வேலை. அதைப் படிக்கிறவருக்கோ அலுப்பு.

எழுதியது அப்படியே காட்டப்படும் என்ற உறுதியும் இல்லை. தலைப்புகளைத் தானே மாற்றிக் காட்டும் புதிய முறையை 2021 ஆகஸ்டில் கூகுள் கொண்டுவந்தது. தளக்காரர்கள் பலர் முணுமுணுத்தார்கள். அடுத்த மாதமே அதைத் திருத்தியபின், சுமார் 87 சதவீத நேரம் கடைக்காரர் எழுதிய தலைப்பையே பயன்படுத்துவதாக அந்த நிறுவனம் தெரிவித்தது. மீதி நேரத்தில் பக்கத்தின் பெரிய எழுத்துத் தலைப்பிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ சொற்களை எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு, சொற்களைத் திரும்பத் திரும்ப அடுக்கியது, பழைய ஆண்டைச் சுமந்து நிற்பது ஆகியவை இப்படி மாற்றப்படுகின்றன. தமிழ்க் கடைகள் அடிக்கடி சறுக்கும் இடம் இன்னொன்று: பக்கம் முழுக்கத் தமிழ், தலைப்பு மட்டும் ஆங்கிலம். தலைப்பின் மொழி பக்கத்தின் மொழியோடு பொருந்தாவிட்டால் கூகுள் அதை மாற்றக்கூடும். ஆங்கில எழுத்தில் kuthu vilakku என்று தட்டுகிறவர்களும் தேவை என்றால், அவர்களுக்கென்று ஆங்கிலத்தில் தனிப் பக்கம் எழுதுவதே முறை.

விளக்கம் இன்னும் அடிக்கடி மாறும். ஒருவர் "குத்துவிளக்கு பாலிஷ்" என்று தேடினால், எழுதிவைத்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் பாலிஷ் பற்றிப் பேசும் வாக்கியத்தைக் கூகுள் எடுத்துக் காட்டலாம். பக்கத்தின் உள்ளேயும் முழு வாக்கியங்களில் விவரம் இருந்தால் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. உள்ளே படமும் எண்ணும் மட்டும் இருந்தால், மெனுவில் இருக்கும் சொற்கள்கூட விளக்கமாக வந்து நிற்கும்.

விளக்கத்தில் விலையை எண்ணாக எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. பித்தளை விலை ஏறி, கடைக்காரர் பக்கத்தில் மாற்றினாலும், கூகுள் மறுபடி வந்து பார்க்கும்வரை பட்டியலில் பழைய விலையே நிற்கும். சில நாளிலும் வரும், சில வாரமும் ஆகும். Search Console-இல் Request indexing என்ற பொத்தானை அழுத்திக் கேட்கலாம். உடனே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய விலையைப் படித்து வந்தவரோடு வாக்குவாதம் செய்வதைவிட, விலை உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடுவது மேல்.

மாற்றம் பலித்ததா என்று பார்ப்பதில்தான் ஏமாறுவது எளிது. பக்கம் எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரி எத்தனையாவது இடம் ஆகியவற்றை Search Console காட்டும். முன்பு மாதம் 400 முறை தோன்றி 20 சொடுக்கு வந்திருந்தால் அது 5 சதவீதம். புதிய தலைப்புக்குப் பின் 1,000 முறை தோன்றி 35 சொடுக்கு வந்தால் சதவீதம் 3.5 ஆக இறங்கியிருக்கும். கடைக்காரர் பதறிப்போய்ப் பழைய தலைப்பைத் திரும்ப வைப்பார். உண்மையில் நடந்தது, புதிய சொற்களுக்கும் பக்கம் பத்தாவது, பதினைந்தாவது இடங்களில் தலைகாட்டத் தொடங்கியது. கீழே இருப்பதை யாரும் அதிகம் சொடுக்குவதில்லை, அதனால் சராசரி சரிந்தது. "2 அடி குத்துவிளக்கு" என்ற ஒரே தேடலை மட்டும் தனியே பிரித்து, இடம் ஏறக்குறைய மாறாமல் இருந்த நாட்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டால்தான் தலைப்பின் பலன் தெரியும். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களை ஆனி மாதத்தோடு ஒப்பிடவும் கூடாது. விளக்கு தேடுபவர்களின் கூட்டமே அப்போது வேறு. மாதம் பத்துப் பதினைந்து சொடுக்கு மட்டும் வரும் பக்கத்தில் ஓரிரண்டு கூடுவதும் குறைவதும் தற்செயல். அங்கே இரண்டு மூன்று மாதம் காத்திருந்து பார்க்க வேண்டும், அதுவரை தலைப்பைத் தொடக் கூடாது.