எட்டு எண் கடவுச்சொல்லுக்கு எவ்வளவு ஆயுள்?

1997இல் வந்த WEP பூட்டு 2001லேயே உடைந்துபோனது. போதுமான தரவைப் பிடித்தால் எவ்வளவு நீளமான சாவியும் வெளிப்பட்டுவிடும். 2004இல் வந்த WPA2வில் அந்த ஓட்டை இல்லை. ஆனால் கைப்பேசி ரவுட்டருடன் இணையும்போது நான்கு செய்திகள் பறக்கின்றன. கடவுச்சொல் அவற்றில் இருக்காது. அதிலிருந்து கணக்கிட்ட முத்திரை இருக்கும். அதைப் பதிவுசெய்தவர் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு ஊகத்தையும் வைஃபை பெயரோடு சேர்த்து 4096 சுற்று கணக்கிட்டு, முத்திரை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது.

வெறும் எட்டு எண்கள் என்றால் 10 கோடி வாய்ப்புகள்தான். நொடிக்கு 10 லட்சம் சோதிக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறந்த தேதி இன்னும் மோசம். WPA3யில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும்.