இரவு ட்யூட்டிக்குப் போகும் மூன்று வரிகள்

டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றின் பொது வார்டு. மணி இரவு எட்டு. ட்யூட்டி முடிக்கும் நர்ஸ் படுக்கை படுக்கையாக நின்று, அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறார். பேச்சு இந்தி, மலையாளம், ஆங்கிலம் என்று கலந்து ஓடும். அதனாலேயே எழுதி வைக்கும் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

நிமோனியாவோடு வந்த ஒருவருக்கு இப்படி ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்வோம்: "செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. டிசம்பர் 3 இரவு 10-க்கு ஆரம்பம். இன்று (4-ஆம் தேதி) இரவு 10-க்கு 3-வது டோஸ். பெனிசிலின் அலர்ஜி: ஊசி போட்ட அரை மணியில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல். கடைசி டோஸ் 8-ஆம் தேதி காலை 10."

அலர்ஜி என்றால் என்ன நடந்தது?

"பெனிசிலின் ஒத்துக்காது" என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல்தான். வயிறு கலங்கியதையும் மக்கள் அலர்ஜி என்றே சொல்வார்கள், அது பக்கவிளைவு. தடிப்பும் மூச்சுத்திணறலும் உடனே வந்திருந்தால் விஷயமே வேறு.

இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறுகிறது. ட்யூட்டி டாக்டர் பைபரசிலின்-டாசோபாக்டம் எழுதுகிறார். பெயரில் 'பெனிசிலின்' இல்லாவிட்டாலும் அது அதே குடும்பத்து மருந்து. குறிப்பைப் படித்த நர்ஸ் ஊசியை எடுக்கும் முன் டாக்டரைக் கூப்பிடுவார்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். செஃப்ட்ரியாக்சோன் பெனிசிலினுக்குத் தூரத்து உறவு. ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு குறைவு. டாக்டர் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார், முதல் இரண்டு டோஸும் தொந்தரவில்லாமல் போயின என்பதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் புதிதாக வரும் நர்ஸ் அலர்ஜிக்குப் பயந்து பத்து மணி டோஸை நிறுத்தி வைத்துவிடக்கூடும்.

ஐந்து நாள் எப்போது முடிகிறது?

வெளியிலேயே தொற்றிய நிமோனியாவுக்கு ஐந்து நாள், மருத்துவமனையில் தொற்றியதற்கு எட்டு நாள் என்று டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.சி.எம்.ஆர். 2022-இல் வழிகாட்டியது. மூன்றாம் தேதியை முதல் நாளாக எண்ணினால் ஏழாம் தேதி இரவோடு முடிகிறது. கொடுத்தது ஒன்பது டோஸ். பத்து டோஸ் முடிவது எட்டாம் தேதி காலையில். "ஐந்து நாள்" என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதைவிட, கடைசி டோஸின் தேதியும் நேரமும் எழுதுவதே மேல்.

தேதியே இல்லாத ஆன்டிபயாடிக்தான் பெரிய தலைவலி. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காகவே அது ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடிக்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் எழுதும்போது காரணத்தையும் கட்டாயம் எழுதுங்கள் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. காரணம் தெரிந்தால்தான் நிறுத்தும் நாளையும் கேட்க முடியும்.

நிறுத்தும் முடிவு நர்ஸுடையது அல்ல. எட்டாம் தேதி காலை ரவுண்ட்ஸில் காய்ச்சல் இறங்கியிருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். நீட்டிக்க வேண்டுமென்றால் காரணத்தோடு புதிய தேதி எழுதுவார். அன்றிரவுக் குறிப்பில் அந்தத் தேதி ஏறும்.