‘வேகவைக்கவும்’ என்று எழுதினால் போதாது

பன்றியின் வயிற்றுக் கறியைச் சோயா சாஸிலும் சர்க்கரையிலும் செக்கச் செவேலென்று சமைக்கும் ஹொங்ஷாவ் ரோவ், சீன வீடுகளில் அடிக்கடி செய்யும் பதார்த்தம். அதன் குறிப்பில் ஷாவ், மென் என்று வரும் இடங்களிலெல்லாம் தமிழில் ‘வேகவைக்கவும்’ என்று போட்டுவிட்டால் கறி கெட்டுப்போகும். அந்த வினைகள் ஒவ்வொன்றும் நீரின் அளவையும் மூடியையும் சேர்த்தே சொல்கின்றன.

அரைக் கிலோ கறியைப் பெரிய துண்டுகளாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, நுரையை நீக்கி எடுத்துக்கொள்வார்கள். அடுத்து ஒரு கரண்டி எண்ணெயில் சர்க்கரையைச் ‘சாவ்’ செய்ய வேண்டும். சாவ் என்றாலே பெருந்தீ என்று நினைக்கிறோம். கீரைக்கு அது சரி. கீரையை நம் வழக்கப்படி மெல்ல வதக்கினால் நீர்விட்டுத் துவண்டுவிடும். ஆனால் அந்த வினையின் உயிர், சிறிது எண்ணெயில் கைவிடாமல் கிளறுவதில் இருக்கிறது. தீயைக் குறிப்பு தனியாகச் சொல்லும். சர்க்கரைக்குச் சிறுதீதான். அது தேன் நிறத்துக்கு வந்ததும் கறியைப் போட்டுப் புரட்ட வேண்டும், கறுக்கவிட்டால் கசந்துவிடும்.

பிறகு சோயா சாஸ், இஞ்சி, கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர். இங்கே வருவது ‘மென்’: மூடி போட்டுச் சிறுதீயில் ஒரு மணி நேரம் விடுவது. ‘கொதிக்கவிடவும்’ என்று மட்டும் பெயர்த்தால், படிப்பவர் மூடியைத் திறந்தே வைப்பார். கறி மெத்தென்று ஆகும் முன்பே நீர் வற்றிவிடும். குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், அதுதான் பதம்.

கடைசி வரிதான் அதிகம் தவறுவது: ‘ஷோவ் ஜி’. ஆங்கிலத்தில் இதைச் சாற்றைக் கெட்டியாக்குவது என்று எழுதினால், படிப்பவர் சோளமாவைத் தேடுவார். குழம்பு கூழாகிவிடும். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் உண்டு: சுண்டவைப்பது. மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, அடிபிடிக்காமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னச் சின்னக் குமிழ்கள் பெரிதாகி, பாகுபோல மெல்ல வெடிக்கும்போது சாறு கறியில் ஒட்டிக்கொள்ளும். உடனே இறக்கிவிட வேண்டும். இப்படி முதலில் வறுத்து, நீர்விட்டு வேகவைத்து, கடைசியில் சுண்டவைக்கும் முழு வேலைக்கும் பெயர்தான் ‘ஷாவ்’.

‘ஜெங்’ என்பதற்கு நம் ‘ஆவியில் அவிப்பது’ அப்படியே பொருந்தும். தண்ணீர் கொதித்த பிறகே தட்டை உள்ளே வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் விடாமல் எழுதினால், மீன் வெந்து உலராமல் வரும். ‘துன்’ என்று வந்தாலோ சுண்டவைக்கவே கூடாது. தாராளமாக நீர்விட்டு மெல்ல வேகவைப்பது அது. அந்தச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்கள்.